புது ஃபோன், பழைய ரவுட்டர்: வைஃபை வேகம் எங்கே சிக்குகிறது என்று கண்டுபிடிக்கும் வழி

திருப்பூரில் எங்கள் வீதியில் முன்பக்கம் சொந்த வீடும் பின்பக்கம் ஆறு லைன் வீடுகளுமாக இருக்கும் ஓர் அக்கா போன மாதம் கூப்பிட்டார். "ஏனுங்க தம்பி, பையனுக்கு முப்பதாயிரம் போட்டுப் புது ஃபோன் வாங்கியிருக்கறோம், நெட்டும் 200க்கு மாத்தியாச்சு, ஆனா பழைய ஃபோன்ல வந்த அதே வேகந்தான் வருதுங்கறான். ஃபோனுல ஏதாவது கோளாறா இருக்குமுங்களா?" என்று கேட்டார். ஃபோனில் ஒரு கோளாறும் இல்லை. ஆசாரத்துச் சுவரில் பத்து வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்த ரவுட்டர்தான் காரணம் என்று போய்ப் பார்த்த ஐந்தாவது நிமிடமே தெரிந்துவிட்டது. ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை என்பது ஒரு மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த வீட்டில் செய்ததை அப்படியே சொல்கிறேன், நடுநடுவே மற்ற வீடுகளில் பார்த்த அறிகுறிகளையும் சேர்த்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் எந்த அறிகுறி இருக்கிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போய்ப் படிக்கலாம், ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள், மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

முதலில் ஓர் எண்ணைப் பாருங்கள்

வேகம் குறைவு என்றதும் எல்லோரும் ஸ்பீட் டெஸ்ட் போடுகிறார்கள். அதில் வரும் எண், இன்டர்நெட் லைன், ஒயர், ரவுட்டர், காற்று, ஃபோன் எல்லாம் சேர்ந்து கொடுக்கும் கடைசி விடை. எங்கே அடைப்பு என்று அது சொல்லாது. அதற்கு வேறு ஓர் எண் இருக்கிறது. ஆண்ட்ராய்டு ஃபோனில் வைஃபை அமைப்புக்குள் போய், இப்போது இணைந்திருக்கும் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தொட்டால் `Link speed` என்று ஒரு வரி வரும். சில ஃபோன்களில் `Transmit link speed`, `Receive link speed` என்று இரண்டாகப் பிரித்துக் காட்டும். அதன் அருகிலேயே `Frequency` என்று 2.4 அல்லது 5 என்பதும் இருக்கும். ஐஃபோன் இந்த எண்ணைக் காட்டுவதில்லை, அங்கே ரவுட்டரின் பக்கத்துக்குள் போய் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில்தான் தேட வேண்டும். விண்டோஸ் லேப்டாப் என்றால் கமாண்ட் பிராம்ப்டில் இதை அடித்தால் போதும்:

```
netsh wlan show interfaces
```

வரும் பட்டியலில் `Radio type` என்ற வரியில் 802.11n, 802.11ac, 802.11ax என்று ஏதாவது ஒன்று இருக்கும், அதுதான் தலைமுறை. `Receive rate` என்பது அந்த எண்.

இந்த எண் உங்கள் ஃபோனும் ரவுட்டரும் தங்களுக்குள் ஒத்துக்கொண்ட வேகம். இன்டர்நெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, லைனைப் பிடுங்கி வைத்தாலும் இது மாறாது. இதில் பாதிக்குச் சற்று மேல்தான் உண்மையில் உங்கள் கைக்கு வரும். ஏனென்றால் வைஃபையில் ஒரு சமயத்தில் ஒரு கருவிதான் பேச முடியும், பேசுவதற்கு முன் காற்று சும்மா இருக்கிறதா என்று காத்திருக்க வேண்டும், ஒவ்வொரு முறை அனுப்பிய பிறகும் எதிர்ப்பக்கம் "வந்துவிட்டது" என்று பதில் சொல்ல வேண்டும், இதற்கெல்லாம் நேரம் போய்விடுகிறது. 866 என்று காட்டினால் நல்ல நிலைமையில் 500 கிடைக்கும். 144 என்று காட்டினால் காற்று சுத்தமாக இருக்கும் இடத்தில் 80 கிடைக்கும், நெருக்கமான வீதியில் 50 கூடக் கஷ்டம்.

அக்கா வீட்டில் அந்த எண் 144. ஸ்பீட் டெஸ்ட் 47. அதாவது 200 எம்பிபிஎஸ் லைனுக்குக் காசு கட்டிவிட்டு அதில் கால்வாசியைக்கூட அந்தக் குடும்பம் பயன்படுத்த முடியாத நிலை.

அறிகுறி: எண் 72 அல்லது 144க்கு மேல் ஏறுவதே இல்லை

இதுதான் அதிகம் பார்ப்பது. ரவுட்டருக்குப் பக்கத்திலேயே ஃபோனை வைத்தாலும் 144தான் என்றால், நீங்கள் நான்காம் தலைமுறையில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருக்கிறீர்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

தலைமுறை என்பதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். 2018 வரை இவற்றுக்கு 802.11n, 802.11ac என்று வாயில் நுழையாத பெயர்கள்தான் இருந்தன. அந்த வருஷம் வைஃபை கூட்டமைப்பு இவற்றுக்கு எண் வைத்தது: 2009ல் வந்த 802.11n வைஃபை 4, 2013ல் வந்த 802.11ac வைஃபை 5, 802.11ax வைஃபை 6. பிறகு 2024 ஜனவரியில் வைஃபை 7க்குச் சான்றிதழ் தர ஆரம்பித்தார்கள். புதியது பழையதோடு பேசும், அதில் சிக்கல் கிடையாது. ஆனால் இரண்டில் எது பழையதோ அதன் பாஷையில்தான் பேச்சு நடக்கும். வைஃபை 6 ஃபோனை வைஃபை 4 ரவுட்டரோடு இணைத்தால் அந்த ஃபோன் அந்த வீட்டில் வைஃபை 4 ஃபோன்தான், அதற்கு மேல் அதற்குத் தெரிந்ததெல்லாம் சும்மா கிடக்கும்.

தலைமுறைக்குத் தலைமுறை வேகம் கூடுவதற்கு முக்கியமான காரணம் சேனலின் அகலம். வாய்க்கால் அகலமானால் தண்ணீர் அதிகம் போகிற மாதிரிதான். 2.4ல் ஃபோன்கள் பெரும்பாலும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில்தான் பேசும். அந்த அகலத்தில் வைஃபை 4 ஓர் ஆன்டெனாவுக்குக் கொடுப்பது 72, ஃபோனில் இரண்டு ஆன்டெனா இருந்தால் 144. வைஃபை 5, 5 ஜிகாஹெர்ட்ஸில் 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் எடுத்துக்கொள்கிறது, அதனால் ஓர் ஆன்டெனாவுக்கு 433, இரண்டுக்கு 866. வைஃபை 6 அதே அகலத்தில் இன்னும் நெருக்கமாகத் தகவலை அடுக்கி 600, 1201 என்று கொடுக்கிறது. இந்த நான்கைந்து எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் ஃபோனைப் பார்த்த உடனே எந்தத் தலைமுறையில் சிக்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அக்கா வீட்டு ரவுட்டரின் அடியில் 300 எம்பிபிஎஸ் என்று போட்டிருந்தது. பையன் அதைக் காட்டி, "300 வரும்னு போட்டிருக்குதுங்கண்ணா, நம்ம லைன் 200தான, அப்ப போதுமே?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அந்த 300 என்பது 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு ஆன்டெனாவோடு, காகிதத்தில் வரும் கணக்கு. 2.4ல் ஒன்றையொன்று இடிக்காத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. அவன் வீட்டு ஆசாரத்தில் நின்று வைஃபை பட்டியலைத் திறந்தால் 23 பெயர்கள் வந்தன. அந்த நெரிசலில் ரவுட்டர் தானாகவே 20க்குச் சுருங்கிவிடும், ஃபோனும் அதற்கு மேல் கேட்பதில்லை, ஆக 144. அந்த 144லும் பக்கத்து வீடுகளெல்லாம் பேசி முடிக்கக் காத்திருந்தது போகத்தான் 47. ரவுட்டருக்கு ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்த்தோம், 55 வந்தது. தூரம் பிரச்சினை இல்லை என்பது அதில் உறுதியானது.

பழைய ஃபோனில் இது ஏன் தெரியவில்லை? அப்போது லைனே 40 எம்பிபிஎஸ்தான். ரவுட்டர் 50 கொடுக்க முடிந்தபோது லைன் 40 கொடுத்தது, யாருக்கும் குறை தெரியவில்லை. லைனை 200 ஆக்கிய அன்றைக்குத்தான் ரவுட்டர் அடைப்பாக மாறியது.

இங்கே ஒரு விஷயம் பலரைக் குழப்புகிறது. வைஃபை 5 என்பது 5 ஜிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும். அதனால் உங்கள் ரவுட்டர் வைஃபை 5 ஆக இருந்து, ஃபோன் 2.4 பெயரில் இணைந்திருந்தால், அப்போதும் நீங்கள் வைஃபை 4ல்தான் இருக்கிறீர்கள். புது ரவுட்டர் வாங்கக் கிளம்புவதற்கு முன் உங்கள் ரவுட்டருக்கு 5 ஜிகாஹெர்ட்ஸ் இருக்கிறதா, அதை யாராவது அணைத்து வைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள். பிரவுசரில் `192.168.1.1` அல்லது `192.168.0.1` அடித்தால் ரவுட்டரின் பக்கம் வரும், அதன் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். பெயரின் கடைசியில் `_5G` என்று வருவதைப் பார்த்து, "நம்ம ஊருக்கு 5ஜி வந்தாச்சா" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அது செல்ஃபோன் டவரின் 5ஜி இல்லை, 5 ஜிகாஹெர்ட்ஸ் என்பதன் சுருக்கம்தான்.

அறிகுறி: எண் 866, 1201 என்று காட்டுகிறது, ஆனால் ஸ்பீட் டெஸ்ட் 94லேயே நிற்கிறது

அக்கா வீட்டில் அடுத்து மாட்டியது இதில்தான், எனக்கு அதிக நேரம் தின்றதும் இதுதான்.

முதலில் லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க என் லேப்டாப்பை, நான் கொண்டு போன ஒயரால், கேபிள்காரர் மாட்டிய ஃபைபர் பெட்டியில் நேராகக் குத்தினேன். அந்தப் பெட்டியில் வைஃபை கிடையாது, ஒயர் துளை மட்டும்தான். 198 வந்தது. லைன் நன்றாக இருக்கிறது. சரி என்று, சோதித்துப் பார்ப்பதற்காக என் வீட்டு வைஃபை 6 ரவுட்டரைக் கழற்றிக்கொண்டு வந்து பழையது இருந்த இடத்தில் மாட்டினேன். ஃபோனில் எண் 144லிருந்து 1201க்குத் தாவியது, பையன் முகத்தில் ஒரு சிரிப்பு. ஸ்பீட் டெஸ்ட் போட்டோம். 94. மறுபடியும் போட்டோம். 94. மூன்றாவது முறையும் 94.

வைஃபையால் வரும் குறைவு இப்படி ஒரே எண்ணில் நிற்காது. காற்று என்பதால் 110, 87, 130 என்று ஆடிக்கொண்டே இருக்கும். வேகம் 93, 94, 95க்குள் ஆணி அடித்த மாதிரி நின்றால், வழியில் எங்கோ 100 எம்பிபிஎஸ் ஒயர் இணைப்பு ஒன்று இருக்கிறது என்று அர்த்தம், 100ல் தகவலோடு ஒட்டிப் போகும் முகவரி விவரங்களுக்கெல்லாம் போக மீதி 94 சொச்சம்தான் கிடைக்கும். அது மூன்று இடங்களில் இருக்கலாம். ரவுட்டரின் துளைகளே 100தான் என்பது ஒன்று. விலை குறைந்த வைஃபை 5 ரவுட்டர்கள் பலவற்றில் இப்படித்தான் இருக்கும், பெட்டியின் மேல் 1200 என்று பெரிதாகப் போட்டு, உள்ளே இன்டர்நெட் வரும் துளையை மட்டும் 100ல் வைத்திருப்பார்கள். இதைச் சொல்லாமல் விற்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத விஷயம், காற்றில் 866 வந்து என்ன பயன், உள்ளே வருவதே 100 என்னும்போது. இரண்டாவது, ஃபைபர் பெட்டியில் இரண்டு துளைகள் இருந்து ஒன்று மட்டும் ஜிகாபிட்டாகவும், அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸாகவும், மற்றது 100 ஆகவும் இருப்பது, அங்கே ஒயரைத் துளை மாற்றிக் குத்தினாலே தீர்ந்துவிடும். மூன்றாவது, ஒயர்.

என் ரவுட்டரின் துளைகள் ஜிகாபிட் என்று எனக்குத் தெரியும். ஃபைபர் பெட்டியிலும் லேப்டாப்புக்கு 198 வந்த அதே துளைதான். மிச்சம் இருப்பது அந்த இரண்டுக்கும் நடுவே ஜன்னல் ஓரமாக ஓடிய பழைய ஒயர். பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், எட்டுக் கம்பிகளில் நான்கை மட்டும் பிளக்கில் அழுத்திவிட்டு மற்ற நான்கையும் ஓரமாக வெட்டிவிட்டிருந்தார்கள். 100க்கு நான்கு கம்பி போதும், அதனால் அந்தக் காலத்தில் அது தப்பு வேலை இல்லை. ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும், எட்டும் இல்லையென்றால் இரண்டு பக்கமும் பேசி 100க்கு இறங்கிக்கொள்ளும், எந்த எச்சரிக்கையும் வராது. எட்டும் இருந்து ஒன்று மடிந்து அறுந்திருந்தாலும் இதே கதைதான் பெரும்பாலும். இரண்டு முனையிலும் புதுப் பிளக் போட்டு எட்டுக் கம்பியையும் அழுத்தினேன். 196.

இதைக் கண்டுபிடிக்க ஒயரைக் கழற்றத்தான் வேண்டும் என்பதில்லை. பிரவுசரில் வரும் ரவுட்டரின் பக்கத்தில், இன்டர்நெட் வரும் துளையான `WAN` நிலையைப் பார்த்தால் 100 அல்லது 1000 என்று காட்டும். விண்டோஸ் லேப்டாப்பில் ஒயரைக் குத்திவிட்டு இணைப்பின் விவரத்தைத் திறந்தால் அங்கேயும் `Link speed` 100/100 அல்லது 1000/1000 என்று இருக்கும். நான் இதை முதலிலேயே பார்த்திருந்தால் அரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

ரவுட்டர் வாங்கும்போது கடையில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான். ஆன்டெனா எத்தனை என்பதை விட, துளைகள் ஜிகாபிட்டா என்று கேளுங்கள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் லைன் வைத்திருப்பவர்களுக்கு ஜிகாபிட் துளை இல்லாத ரவுட்டர் எந்தத் தலைமுறையாக இருந்தாலும் வேண்டாம்.

அறிகுறி: எண் சரியாக 54

இது இப்போது அபூர்வம், ஆனால் பல்லடம் பக்கம் ஒரு தறிக் குடோன் ஆபீசில் போன வருஷம்கூடப் பார்த்தேன். ரவுட்டர் வைஃபை 4தான், ஆனாலும் எல்லாக் கருவியும் 54ல் நின்றது. 54 என்பது 2003ல் வந்த 802.11g காலத்து உச்ச வேகம். வைஃபை 4 ரவுட்டர் ஏன் அங்கே போய் நிற்கிறது என்றால், கடவுச்சொல் பாதுகாப்பு முறை பழையதாக வைக்கப்பட்டிருக்கிறது. `WEP` அல்லது `TKIP` என்ற பழைய பூட்டுகளோடு நான்காம் தலைமுறை வேகத்தைத் தரக்கூடாது என்பது விதியிலேயே இருக்கிறது. ரவுட்டரின் பக்கத்தில் பாதுகாப்பு என்ற இடத்தில் `WPA2-PSK` என்றும் குறியாக்கத்தில் `AES` என்றும் மாற்றிவிட்டால் அடுத்த நிமிடமே 54 மறைந்துவிடும். ஃபோன்கள் ஒருமுறை கடவுச்சொல்லை மறுபடி கேட்கலாம். மிகப் பழைய பிரின்டரோ கேமராவோ இதற்குப் பிறகு இணையவில்லை என்றால், அதை ஒயரில் போடுங்கள், அதற்காகப் பூட்டைப் பழையதாக வைக்காதீர்கள், `WEP` பூட்டைத் திறக்கச் சில நிமிடங்கள் போதும்.

அறிகுறி: ஆசாரத்தில் பறக்கிறது, உள் ரூமில் படுத்துவிடுகிறது

5 ஜிகாஹெர்ட்ஸ் அலை சுவரில் சீக்கிரம் தேய்ந்துவிடும், 2.4 அவ்வளவு தேயாது. புது ரவுட்டர் வாங்கியவர்கள் "பழசே பரவாயில்லை, அது பொடக்காளி வரைக்கும் வந்துச்சு" என்று சொல்வது இதனால்தான். அவர்கள் சொல்வது உண்மை.

அக்கா வீடு செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் உள்ள வீடு. மாடி ரூமில் எண் 1201லிருந்து 432க்கு இறங்கியது, ஸ்பீட் டெஸ்ட் 180 வந்தது, பரவாயில்லை என்று விட்டுவிட்டோம். ஆனால் காங்கயம் பக்கம் எங்கள் அம்மாயி வீடு கல்லும் மண்ணும் வைத்துக் கட்டியது, சுவர் ஒன்றரை அடி கனம். அங்கே ஆசாரத்தில் 866 காட்டும் ஃபோன், இரண்டு சுவர் தாண்டிச் சமையல் கட்டுக்குப் போனால் 29க்கு வந்துவிடுகிறது. அதே இடத்தில் 2.4க்கு மாற்றினால் 72. அங்கே பழைய அலைவரிசைதான் வேகம், தோட்டத்தில் பக்கத்து வீட்டு வைஃபை எதுவும் இல்லாததால் அந்த 72 இடைஞ்சல் இல்லாமல் கிடைக்கிறது. இடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், 5 எப்போதும் நல்லது என்று வைத்துக்கொள்ள முடியாது.

இதற்கு ரிப்பீட்டர் என்று ஒரு குட்டிப் பெட்டியை பிளக்கில் செருகச் சொல்வார்கள். ஒரே அலைவரிசையில் இயங்கும் ரிப்பீட்டர், கேட்டதையே திரும்பச் சொல்கிறது, அதனால் காற்றில் நேரம் இரண்டு மடங்கு போய் வேகம் பாதியாகிறது. அதோடு பெரும்பாலோர் அதை சிக்னல் செத்த ரூமிலேயே வைப்பார்கள், அங்கே அதற்கும்தான் சிக்னல் இல்லை. முடிந்தால் ஓர் ஒயரை இழுத்து, உள் ரூமில் இன்னொரு ரவுட்டரை வையுங்கள். பிரவுசரில் அதன் பக்கத்தைத் திறந்து, கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் `DHCP`யை அணைத்து, அதன் முகவரியை முதல் ரவுட்டரின் முகவரியோடு மோதாமல் மாற்றி, ஒயரை `LAN` துளையில் குத்தினால் போதும், `WAN` துளையில் வேண்டாம். அம்மாயி வீட்டில் ஓட்டுக்கு அடியில் 15 மீட்டர் ஒயர் இழுத்தோம், இப்போது சமையல் கட்டிலிருந்தே பேரன் முகத்தைத் தெளிவாகப் பார்க்கிறார்.

அறிகுறி: சில சமயம் வேகம், சில சமயம் ஆமை, இடம் மாறவில்லை

முதலில் அந்த மெதுவான சமயத்தில் `Frequency` என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 2.4க்கும் 5க்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் எதில் இணைவது என்பதை ஃபோன்தான் முடிவு செய்யும். நீங்கள் வாசலில் வண்டியை நிறுத்தும்போது 2.4ல் ஒட்டிக்கொண்டு, உள்ளே வந்து உட்கார்ந்த பிறகும் விடாமல் இருக்கும். இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்து, புது ஃபோனில் 2.4 பெயரை மறக்கச் செய்துவிடுங்கள். அப்படி மாற்றிய பிறகு 5 ஜிகாஹெர்ட்ஸ் பெயர் பட்டியலில் வரவில்லையே என்று உடனே பயப்பட வேண்டாம், ரேடாரும் பயன்படுத்தும் 52 முதலான சில சேனல்களில் ரவுட்டர் இருந்தால், ரேடார் எதுவும் அங்கே இல்லை என்று ஒரு நிமிடம் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கும்.

5லேயே இருந்தும் ராத்திரி எட்டிலிருந்து பத்து வரை மட்டும் மெதுவாகிறதா? அப்போது லேப்டாப்பை ஒயரில் குத்தி அதே நேரத்தில் சோதியுங்கள். ஒயரிலும் மெதுவாக இருந்தால் வைஃபையை விட்டுவிட்டு லைன் கொடுப்பவரைக் கூப்பிடுங்கள், எந்தத் தலைமுறை ரவுட்டரும் அதைத் தீர்க்காது. ஒயரில் சரியாக இருந்தால் காரணம் காற்றில் இருக்கிறது.

காற்றில் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் இல்லை, உங்கள் வீட்டுப் பழைய கருவியும் காரணமாக இருக்கலாம். நம் பக்கத்தில் வாய்க்கால் பாசனக்காரர்களுக்கு இதைச் சொன்னால் சட்டென்று புரியும். முறைத் தண்ணீர் மாதிரிதான் வைஃபை: ஒருவர் பாய்ச்சும்போது மற்றவர் மடையைத் திறக்க முடியாது. ஆனால் ஒரு வித்தியாசம், இங்கே முறை என்பது இத்தனை மணி நேரம் என்று இல்லை, உன் பங்கு நிறையும் வரை என்று இருக்கிறது. மடை சின்னதாக இருப்பவர் அதே பங்கு நிறைய வெகு நேரம் எடுத்துக்கொள்வார், அதுவரை பெரிய மடைக்காரரும் காத்திருக்க வேண்டும். அக்கா வீட்டுப் பொடக்காளியில் லைன் வீடுகளைப் பார்க்கிற மாதிரி ஒரு வைஃபை கேமரா இருந்தது, தூரத்தால் அது 6.5 எம்பிபிஎஸ்ஸில் இணைந்திருந்தது. 144ல் ஒரு நொடியில் போகிற தகவல் 6.5ல் போக 22 நொடி ஆகும். நாள் முழுக்க வீடியோ அனுப்பிக்கொண்டே இருக்கும் கருவி அது, அந்த 47க்கு இதுவும் ஒரு காரணம். கேமராவை 2.4லேயே விட்டுவிட்டு ஃபோன்களை எல்லாம் 5க்குக் கொண்டு வந்ததும் இரண்டும் தனித்தனி வாய்க்கால் ஆகிவிட்டன, ஒன்றை ஒன்று தடுப்பதில்லை.

எந்தத் தலைமுறை வாங்குவது

அக்கா கடைசியாகக் கேட்டது இதைத்தான். "வைஃபை 7ன்னு ஒண்ணு வந்திருக்குதாமுங்களே, வாங்கறதே வாங்கறோம், அதையே வாங்கிப் போடலாமுங்களா?"

வேண்டாம் என்றேன். லைன் 200. இரண்டு ஆன்டெனா ஃபோன் வைஃபை 5ல் பேசினாலே பக்கத்து ரூம் வரைக்கும் 200க்கு மேல் வந்துவிடும். பையனுடைய ஃபோன் வைஃபை 6, வீட்டில் வைஃபை 7 தெரிந்த கருவி ஒன்றுகூட இல்லை, ரவுட்டர் மட்டும் 7 ஆக இருந்தால் பேச்சு 6ல்தான் நடக்கும், பழைய கதைதான், இந்தத் தடவை பழையது ஃபோன் பக்கம். வைஃபை 5க்கும் 6க்கும் விலை வித்தியாசம் அதிகம் இல்லாததாலும், 6ல் ஒரே முறையில் பல கருவிகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கும் வசதி இருப்பதாலும், நெரிசலான வீதிக்கு 6 சரி என்று சொன்னேன். 5 ஜிகாஹெர்ட்ஸில் 1201 கொடுக்கும், எல்லாத் துளையும் ஜிகாபிட்டாக உள்ள ஒரு சாதாரண மாடலை அடுத்த நாள் வாங்கிக்கொண்டு வந்தார்கள். 1000த்துக்கு லைன் மாற்றுகிறவர்கள் என்றால் கணக்கு வேறு, அங்கே 160 மெகாஹெர்ட்ஸ் அகலம் தெரிந்த ரவுட்டரும் ஃபோனும் இரண்டும் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், ஒன்று மட்டும் இருந்தால் அந்தக் காசு வீண்.

பழைய ரவுட்டரை அவர்கள் தூக்கிப் போடப் பார்த்தார்கள். அதைக் கொண்டுபோய் பொடக்காளி ஓரத்து ஸ்டோர் ரூமில் ஒயரோடு மாட்டி, கேமராவை அதில் இணைத்துவிட்டேன். கேமராவுக்கு இப்போது எண் 72 காட்டுகிறது, அதற்கு அது தாராளம்.